தலையணை நனைகிறது, டாக்டர் பாலைப் பற்றிக் கேட்கிறார்

"டாக்டர், பாப்பா தூங்கும்போது தலை மட்டும் குளிச்ச மாதிரி நனைஞ்சு போகுது. கை கால் எல்லாம் காஞ்சுதான் இருக்கு." குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. கூட வந்த பாட்டி தன் பங்குக்கு, "உள்காய்ச்சலா இருக்குமோ, இல்ல பிள்ளைக்குச் சத்து பத்தலையோ" என்பார். டாக்டர் தலையைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் தலையைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார். "பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குதாம்மா? ஒரு தடவை குடிச்சு முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது? வெயிட் ஏறுதா?" என்பார். தூக்கத்து வியர்வையைச் சொல்ல வந்தவர்களுக்கு இது சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றும். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, விழித்திருக்கும்போது விளையாடும் குழந்தைக்குத் தூக்கத்தில் மட்டும் தலை வியர்த்தால் அதில் தேடிப் பார்க்க அநேகமாக எதுவும் இருக்காது. தேட வேண்டியது இருந்தால் அதன் தடயம் பெரும்பாலும் பால் குடிக்கும் நேரத்தில்தான் கிடைக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி.

முதலில், ஏன் தலை மட்டும்? பிறந்த குழந்தையின் உடலில் தலை மிகப் பெரிய பங்கு. மொத்தத் தோல் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தலையிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்தத் தலைக்குள் இருக்கும் மூளையோ வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. சும்மா படுத்திருக்கும்போது குழந்தையின் உடல் செலவழிக்கும் சக்தியில் பாதிக்கும் மேல் மூளைக்கே போகிறது. சக்தி செலவாகும் இடத்தில் சூடு பிறக்கும். மிச்ச உடம்பை நாம் சட்டை, நாப்கின், துணி என்று சுற்றி விடுகிறோம். ஆகவே உள்ளே சேரும் சூட்டை வெளியே விடத் தடையில்லாத ஒரே இடமாகத் தலைதான் மிஞ்சுகிறது.

வியர்வைச் சுரப்பிகளின் கதையும் இதோடு சேர்கிறது. பிறக்கும்போதே அவை அனைத்தும் உருவாகியிருக்கும். பிறகு எண்ணிக்கை கூடுவதில்லை, அதனால் சின்ன உடம்பில் அவை நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் வியர்ப்பது நெற்றிதான். மார்பும் கை கால்களும் அதற்குப் பின்னால்தான் வரும். குறைமாதக் குழந்தைக்கு முதல் நாட்களில் வியர்க்கவே வியர்க்காது. அதனால் 'தலை மட்டும் வேர்க்குது' என்பது அந்த வயதுக்கு விசித்திரமான செய்தி இல்லை. கை காலும் சேர்ந்து வியர்த்தால்தான் கொஞ்சம் வியப்பு.

அடுத்தது, ஏன் தூக்கத்தில்? தூக்கம் ஆழமாகும்போது உடல் தன் வெப்ப அளவைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளும். இறக்க வேண்டுமென்றால் இருக்கும் சூட்டைத் தள்ளியாக வேண்டும். அதனால்தான் கண் அயர்ந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலை நனைந்து, நடுச்சாமத்துக்கு மேல் தானாகக் காய்ந்துவிடுவதைப் பல தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். அதோடு தூங்கும் குழந்தை புரண்டு குளிர்ந்த இடம் தேடாது, போர்வையை உதறவும் தெரியாது. தலையின் பின்பக்கம் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். அங்கே காற்று புகாது.

ஊரும் ஒரு காரணம். பெங்களூரில் காய்ந்த தலையோடு தூங்கிய குழந்தை, தாத்தா பாட்டியைப் பார்க்க நாகப்பட்டினம் வந்ததும் தலை ஒழுகத் தூங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் அப்படியே நிற்கிறது. வெயில் இன்னும் கடுமையாக இருக்கும் வறண்ட உள்ளூர்களில் அதே அளவு வியர்த்தாலும் உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் வியர்வையின் அளவை வைத்துக் குழந்தையின் உடல்நிலையை எடை போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி நம் வீட்டுப் பழக்கங்களுக்கு வருவோம். சித்திரை மாதத்தில்கூடக் குழந்தைக்குக் குல்லா, கையுறை, சாக்ஸ் மூன்றும் போட்டு, மேலே ஒரு டர்க்கி டவலையும் சுற்றி வைக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். அடியில் ரப்பர் ஷீட், தலைக்குக் கடுகு நிரப்பிய தலையணை. ஃபேன் போட்டால் சளி பிடிக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். இவ்வளவுக்கும் பிறகு வியர்க்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்! சளி பிடிப்பது வைரஸால். ஃபேன் காற்றாலும் இல்லை, வியர்வை தலையில் காய்வதாலும் இல்லை. பிறந்த முதல் சில மணி நேரத்திலும், எடை குறைந்த குழந்தைகளுக்கும் குல்லா தேவை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. நல்ல எடையுள்ள குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு, வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டியதில்லை. சூட்டை வெளியே விட வேண்டிய வழியையே அது அடைக்கிறது. நழுவி மூக்கை மூடும் ஆபத்தும் உண்டு.

குழந்தை அளவுக்கு மீறிச் சூடாவது வெறும் அசௌகரியமும் இல்லை. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்களோடு அதிகச் சூட்டுக்குத் தொடர்பு இருப்பது தெரிந்ததால், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும்படியும், தலையணை, தளர்ந்த போர்வை, குல்லா ஆகியவற்றைத் தவிர்க்கும்படியும் மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். முதல் ஒரு வயதுவரை தலையணையே தேவையில்லை, கடுகுத் தலையணை உட்பட. சேலைத் தூளியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையை அமர்த்த அதற்கு இணை கிடையாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் துணி இருபக்கமும் குழந்தையை மூடிக்கொள்வதால் காற்று தேங்குகிறது. குழந்தையின் முகவாய் மார்பில் கவிழ்ந்து மூச்சும் சிரமப்படலாம். அயர்ந்ததும் எடுத்துச் சமமான, கெட்டியான படுக்கையில் கிடத்துவதே நல்லது. கிடத்தியதும் தலை வியர்வை குறைகிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

குழந்தைக்குச் சூடு அதிகமா என்று அறிய உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பது பயன்படாது. அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் ஓர் அடுக்குத் துணியைக் கழற்றலாம். அந்த அறையில் பெரியவர் ஒருவர் எவ்வளவு உடுத்தினால் வசதியாக இருக்குமோ, குழந்தைக்கு அதற்கு மேல் ஓர் அடுக்கு போதும். கோடையில் அந்த ஓர் அடுக்கும் வேண்டாம், மெல்லிய பருத்திச் சட்டையே மிகுதி. வேர்க்கிறதே, தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆறு மாதம்வரை எந்த வெயிலிலும் தாய்ப்பாலே போதும், கொஞ்சம் அடிக்கடி கொடுத்தால் சரி. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால் நீர் குறையவில்லை என்று அர்த்தம். கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்தால் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். பவுடரை அப்பினால் மடிப்பில் பிசைந்துகொள்ளும், அதன் தூளும் குழந்தையின் மூச்சில் ஏறும்.

துணியைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகும் வியர்வை நிற்கவில்லை என்றால்? அப்போதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் இங்கேதான் பாலைப் பற்றிய கேள்வி வேலை செய்கிறது. ஏழு வாரம் நிரம்பிய இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மூன்று கிலோவில் பிறந்தவை. இரண்டு வீட்டிலும் புகார் ஒன்றே: தூங்கினால் தலை நனைகிறது.

முதல் குழந்தை பதினைந்து, இருபது நிமிடம் மும்முரமாகக் குடித்துவிட்டுத் தானே மார்பை விட்டுத் தூங்கிப்போகிறது. குடிக்கும்போதும் அதற்கு வியர்க்கிறது. ஆனால் அம்மாவின் முழங்கையில் அழுந்தும் பக்கம்தான் அதிகம். பக்கம் மாற்றினால் வியர்வையும் பக்கம் மாறுகிறது. இரண்டு உடம்பு ஒட்டிக்கிடக்கும் சூடு அது. எடை நான்கு கிலோ. பிறந்த குழந்தை முதல் நாட்களில் கொஞ்சம் இளைத்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம், அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் கூட வேண்டும். இரண்டாவது வாரத்தில் மூன்று கிலோ, அதிலிருந்து ஐந்து வாரத்தில் ஒரு கிலோ. கணக்குச் சரியாக இருக்கிறது. இந்தக் குழந்தையை டாக்டர் முழுதாகப் பரிசோதித்துவிட்டு, குல்லாவைக் கழற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்.

இரண்டாவது குழந்தை ஆர்வமாகத்தான் மார்பைப் பிடிக்கிறது. நாலு வாய் உறிஞ்சியதும் நிறுத்தி மூச்சு வாங்குகிறது. மறுபடி நாலு வாய், மறுபடி நிறுத்தம். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வியர்வை, தொட்டால் சில்லென்று இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துக் களைத்துத் தூங்குகிறது, அரை மணியில் பசித்து அழுகிறது. "எந்நேரமும் மடியிலதான் இருக்கு, ஆனா வயிறு நிறையல" என்கிறார் தாய். பால் பத்தவில்லை என்று வீட்டில் எல்லோரும் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். எடை மூன்றரைக் கிலோவைத் தொடவில்லை. தூங்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு எழுபதுக்கு மேல் மூச்சு.

இந்தக் குழந்தையின் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். பிறவி இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது, கீழே உள்ள இரண்டு அறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை இருப்பது. பெரிய ஓட்டையாக இருந்தாலும் பிறந்த முதல் நாட்களில் இது வெளியே தெரியாமல் போகலாம். அப்போது நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிய நிலையில் இருப்பதால் அந்தப் பக்கம் ரத்தம் அதிகம் பாயாது. ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சலும் கேட்காமல் இருக்கலாம். நாலு முதல் எட்டு வாரத்துக்குள் அந்தக் குழாய்கள் தளர்ந்துவிடும். உடனே இதயம் தள்ளும் ரத்தத்தில் பெரும்பகுதி ஓட்டை வழியே நுரையீரலுக்குத் திரும்பி ஓடும். உடம்புக்குத் தேவையானதை அனுப்ப இதயம் பல மடங்கு உழைக்க வேண்டி வருகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது 'எல்லாம் நல்லா இருக்கு' என்று எழுதிக் கொடுத்த டாக்டர் தவறு செய்தார் என்று இதனால் ஆகிவிடாது. அன்றைக்கு அது தெரியக்கூடிய நிலையில் இல்லை.

இதயம் திணறும்போது உடல் தன் அவசரகால நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகிறது. இதயத்தை வேகமாகத் துடிக்கச் சொல்லும் அதே நரம்புகளின் பொறுப்பில்தான் வியர்வைச் சுரப்பிகளும் இருக்கின்றன. இரண்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் ஆகப் பெரிய உடல் உழைப்பு பால் குடிப்பதுதான். பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறுவது எப்படியோ அப்படி. இதய நோயாளிக்குப் படியேறும்போது வியர்த்து மூச்சிரைப்பதைப் போல இந்தக் குழந்தைக்கு மார்பில் வாய் வைத்ததும் வியர்க்கிறது. தூக்கத்தில் வரும் வியர்வை இரண்டு குழந்தைக்கும் பொது என்பதால் அது இவர்களைப் பிரித்துக் காட்டாது. உறிஞ்சி, நிறுத்தி, மூச்சு வாங்கும் அந்தத் தாளம்தான் பிரித்துக் காட்டும்.

மூச்சை எண்ணுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. குழந்தை அயர்ந்து தூங்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. சிறு குழந்தைகளின் மூச்சு சில விநாடி வேகமாகவும் சில விநாடி நின்று நின்றும் போகும் என்பதால் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. முதல்முறை அதிகமாக வந்தால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை எண்ணிப் பார்க்கலாம். மறுபடியும் அதே எண் வந்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

டாக்டர் குழந்தையின் வலது விலா எலும்புக்குக் கீழே தடவுவார். இதயம் திணறினால் கல்லீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார். பிறகு எக்கோ. அது ஸ்கேன் போன்றது, ஊசியோ வலியோ கிடையாது. ஓட்டை சிறிதென்றால் பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும், அவர்களுக்கு இந்தத் தொந்தரவுகளும் வராது. நம் இரண்டாவது குழந்தையைப் போலப் பெரிய ஓட்டை என்றால் நீரைக் குறைக்கும் சொட்டு மருந்து தந்து, பாலின் சத்தைக் கூட்டி எடை ஏற்றிப் பார்ப்பார்கள். எடை ஏறாவிட்டால் முதல் சில மாதங்களிலேயே அறுவை சிகிச்சை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையும் வருகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயங்கும் இடையீட்டுச் சேவை மையத்தில் கேட்கலாம்.

பாட்டி சொன்ன 'சத்து பத்தலையோ' என்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு. வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகிப்போகும் ரிக்கெட்ஸ் நோயில் தலை வியர்ப்பது ஓர் அறிகுறி என்று பழைய மருத்துவப் பாடநூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் வியர்வையை மட்டும் வைத்து யாரும் அந்த முடிவுக்கு வருவதில்லை, வரவும் கூடாது. இது பெரும்பாலும் மூன்று நாலு மாதத்துக்கு மேல் தலைகாட்டும் நோய். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து அது தடித்திருக்கிறதா என்று பார்ப்பார். மார்பில் விலா எலும்பு முனைகள் மணி கோத்தது போல முட்டுகின்றனவா, உச்சிக்குழி வயதுக்கு மீறித் திறந்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் மண்டை எலும்பு அழுத்தினால் அமுங்குகிறதா என்று தடவுவார். முதல் மூன்று மாதத்தில் மண்டை கொஞ்சம் அமுங்குவது இயல்பாகவும் இருக்கலாம். பின்தலையில் முடி உதிர்ந்து வழுக்கையாவது பெரும்பாலும் படுக்கையில் உரசுவதால்தான். சந்தேகம் வந்தால் மணிக்கட்டு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் தீர்த்து வைக்கும்.

தாய்ப்பாலில் ஏறக்குறைய எல்லாம் உண்டு, ஆனால் வைட்டமின் டி மிகக் குறைவு. வெயில் கொளுத்தும் ஊரில் பிறந்தும் குழந்தைகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். அதனால் முதல் ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கும்படி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. இதில் ஒரு சிக்கல். கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் கிடைக்கும், 800 உள்ளதும் கிடைக்கும். முதல் வகையில் ஒரு மில்லி கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது வகையில் அரை மில்லிதான். பாட்டில் தீர்ந்து வேறு கம்பெனி மருந்து வாங்கும்போதெல்லாம் லேபிளைப் படித்துவிட்டு அளவெடுங்கள். தலை வியர்க்கிறதே என்று அளவைக் கூட்டுவதும், பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை என்றால் டாக்டரின் கேள்விகள் கொஞ்சம் மாறும். தூக்கத்தில் குறட்டை விடுகிறதா, வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறதா, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிக்கிறதா என்பார். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து வழியை அடைத்தால் மூச்சுக்குப் போராடியே குழந்தை நனைந்துபோகும். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்பதும் அவர் கேட்கக்கூடிய கேள்விதான். இருமலும் விட்டு விட்டுக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்திருக்கும்போது இரவு வியர்வைக்கு வேறு பொருள் வந்துவிடும்.

இவையெல்லாம் ஓபி சீட்டு வாங்கி நிதானமாகப் பேசித் தீர்க்க வேண்டியவை. காத்திருக்கக் கூடாதவையும் சில உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுற்றிய துணியைப் பிரித்துக் கொஞ்ச நேரம் விட்டு அக்குளில் இன்னொரு முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. அப்போதும் சூடு நின்றால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கும் வயது அது இல்லை. உடம்பு சில்லிட்டு, வெளிறி, துவண்டுபோய் வியர்ப்பது ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கியதாலோ இதயத் துடிப்பு தறிகெட்டதாலோ இருக்கலாம். உதடோ நாக்கோ நீலம் பூத்தாலும், மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், எழுப்பியும் பால் குடிக்க எழாவிட்டாலும் மறுநாள் காலைவரை பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.